தண்ணீர் தெளித்து உடைத்த கடலை

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் காடையாம்பட்டி பக்கம். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை, மார்கழியில் போட்டது. கடைசி மாதம் கிணறு இறங்கிவிட்டது. மண் இறுகிப் பிடுங்க வராததால் ஒரு மழைக்காகப் பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்து, சித்திரையில் மழை விழுந்ததும் பிடுங்கினோம். காயை நன்றாகக் காயவைத்துத்தான் மூட்டை போட்டோம். ஆடியில் 20 மூட்டையை மிஷினில் உடைத்து, கடலை மிட்டாய் போடுகிற ஒருவருக்கு அனுப்பினோம். டெஸ்ட் எடுத்துப் பார்த்து, அஃப்ளாடாக்சின் 40 இருக்கிறது என்று திருப்பிவிட்டார். பருப்பு பளபளவென்றுதான் இருக்கிறது, பூசணம் கண்ணில் படவில்லை. எல்லோரும் செய்வதுபோல் உடைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் காய்மேல் தண்ணீர் தெளித்தோம், 40 கிலோ மூட்டைக்கு மூன்று லிட்டர் இருக்கும். அதற்குப் பிறகு வண்டி வர ஒன்பது நாள் ஆனது. இன்னும் 10 மூட்டை காயாகவே வீட்டில் இருக்கிறது. திரும்பி வந்த பருப்பைச் செக்கில் ஆட்டிவிடலாமா? புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா? அடுத்த முறை என்ன செய்வது?
— ஒரு வாசகி, காடையாம்பட்டி வட்டம்

பதில்:

அம்மாவுக்கு வணக்கம். பருப்பு நன்றாக இருக்கும்போது 40 எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால்தான் மற்ற கேள்விகளுக்குப் பதில் நிற்கும்.

40 என்பது ஒரு கிலோ பருப்பில் 40 மைக்ரோகிராம் நஞ்சு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படியே தின்னக்கூடிய கொட்டைகளில் 10 வரை, மேலும் பதப்படுத்தப்போகும் கொட்டைகளில் 15 வரைதான் இருக்கலாம். ஆனால் உங்கள் பருப்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக 40 கலந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். அஃப்ளாடாக்சின் அப்படிப் பரவி இருப்பதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பருப்புகளில் ஒன்றுமே இருக்காது. எங்கோ ஒரு பருப்பில் மட்டும் கொள்ளையாக இருக்கும். கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவுக்கு நஞ்சு ஏறிய ஒற்றைப் பருப்புகளை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு பருப்பு 0.4 கிராம் எடை இருந்தால் அதற்குள் 400 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். அதைப் பத்து கிலோ நல்ல பருப்போடு சேர்த்து அரைத்தால் கிலோவுக்கு 40 வந்துவிடும். பத்து கிலோவில் ஏறக்குறைய 25,000 பருப்பு. அதில் ஒன்றே ஒன்று போதும். உங்கள் கண்ணில் படாததில் வியப்பே இல்லை.

இதனால்தான் ஒரே குவியலில் இரண்டு பேர் மாதிரி எடுத்தால் இரண்டு விதமாக முடிவு வருகிறது. வியாபாரி ஏமாற்றுகிறார் என்று பல விவசாயிகள் கோபப்படுவதும் இங்கேதான். கையில் அள்ளிய அரைக் கிலோவில் அந்தப் பருப்பு விழுந்தால் 40 அல்ல, 800கூட வரும். விழாவிட்டால் சுத்தம் என்று வரும்.

இனி அந்தச் சில பருப்புகளுக்குள் நஞ்சு ஏறிய இடம். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, வயலில் கடைசி மாதம். இந்த நஞ்சைச் செய்வது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், அதன் உறவான ஆஸ்பர்ஜில்லஸ் பாரசிட்டிகஸ் என்ற பூஞ்சைகள். இவை எங்கிருந்தோ வருவதில்லை, உங்கள் மண்ணிலும் என் மண்ணிலும் எப்போதும் இருப்பவை. கடலைக்காய் மண்ணுக்குள்ளேயே வளர்வதால் விழுது இறங்கிய நாளிலிருந்து பூஞ்சைக்குப் பக்கத்திலேயேதான் கிடக்கிறது. அப்படியிருந்தும் நல்ல ஈரத்தில் விளைந்த காயில் நஞ்சு ஏறுவது அபூர்வம். ஏனென்றால் பச்சைப் பருப்பு சும்மா இருப்பதில்லை. பூஞ்சை உள்ளே நுழையப் பார்த்தால் அதைத் தடுக்கும் பொருட்களைத் தானே சுரக்கிறது. அந்தச் சுரப்புக்குப் பருப்பில் ஈரம் வேண்டும். வறட்சியில் பருப்பின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் சுரப்பு குறைந்து நின்றுவிடுகிறது. பூஞ்சையோ அதைவிட வெகு குறைந்த ஈரத்திலும் வளரும். செடியின் காவல் போய், பூஞ்சைக்கு மட்டும் போதுமான ஈரம் மிஞ்சியிருக்கும் அந்த இடைவெளியில்தான் நஞ்சு ஏறுகிறது.

சூடும் இதோடு சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் இல்லாமல் இலை சாய்ந்தால் வெயில் நேரே மண்ணில் விழுகிறது. காய் இருக்கும் ஆழத்தில் மண் 28 முதல் 31 டிகிரி வரை சூடாகி, அந்நிலையிலேயே மூன்று நான்கு வாரம் கிடந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. மார்கழிப் பட்டத்தில் கிணறு வற்றுகிற பங்குனி மாதம் இதற்கு அப்படியே பொருந்தும். போதாக்குறைக்குக் காய்ந்த வயலில் கரையான் ஏறும். பிடுங்கிய காயில் நரம்புகளுக்கு நடுவே ஓடு சுரண்டப்பட்டு, வழவழவென்று வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கரையான் சுரண்டியது. அந்த மெலிந்த ஓட்டின் வழியே பூஞ்சை சுலபமாக உள்ளே போகும்.

மழைக்காகக் காத்திருந்த பத்துப் பன்னிரண்டு நாளும் கணக்கில் சேரும். ஓமலூர், காடையாம்பட்டிச் செம்மண் காய்ந்தால் கல்லாகிவிடும், இழுத்தால் கொடி மட்டும் கையில் வரும் என்பது எனக்குத் தெரியும். அதற்காக முற்றிய காயை மண்ணிலேயே விட்டுவைத்தால், காவல் போன காய் சூட்டில் இன்னும் பத்து நாள் கிடக்கிறது. அதன்மேல் மழை பெய்து நனைகிறது. மழை பிடுங்க உதவிய அளவுக்குப் பூஞ்சைக்கும் உதவியிருக்கும்.

இரண்டாவது இடம், நீங்கள் தெளித்த தண்ணீர். என் சந்தேகம் இதன் மேல்தான் அதிகம். காய்ந்த காயை அப்படியே மிஷினில் விட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும், முழுப் பருப்புக்குத்தான் விலை. அதனால் ஊரெங்கும் முதல் நாள் தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு மூடி, மறுநாள் உடைக்கிறார்கள். முழுப் பருப்புத்தான் வேண்டும் என்று வற்புறுத்துகிற வியாபாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கிலோ காயில் பருப்பு சுமார் 28 கிலோ. நன்றாகக் காய்ந்த பருப்பில் 7 சதவீத ஈரம், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நீங்கள் தெளித்த மூன்று லிட்டரில் பாதி ஓட்டோடும் காற்றோடும் போனது என்றே வையுங்கள். மீதி ஒன்றரை லிட்டர் பருப்புக்குள் இறங்கினால் ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கம் வந்துவிடும். பருப்பில் 9, 10 சதவீதத்தைத் தாண்டினாலே இந்தப் பூஞ்சை கிளம்பத் தொடங்கும். அதுவும் எல்லாப் பருப்பிலும் ஒரே சீராக ஏறாது. குவியலின் அடியில் தண்ணீர் தங்கிய இடத்தில் 15கூட இருந்திருக்கும். அந்தப் பருப்பு ஆடி மாதச் சூட்டில், சாக்குக்குள், காற்றில்லாமல் ஒன்பது நாள் இருந்திருக்கிறது. நஞ்சு ஏற அத்தனை நாள் தேவையே இல்லை. மேலே பச்சை மஞ்சள் பொடி தெரியும் முன்பே, பருப்பு இரண்டாகப் பிரியும் உள் இடுக்கில் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். சந்தேகப்படும் பருப்பைப் பிளந்து அந்த இடுக்கைப் பாருங்கள். சாம்பல் பச்சையாகப் பொடியோ, மஞ்சள் பழுப்பு நிறமோ தெரிந்தால் அது கெட்டது.

நான் சொல்வதில் எது சரி என்று நீங்களே சோதித்துக்கொள்ள உங்களிடம் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. உடைக்காத 10 மூட்டையில் தண்ணீர் படவில்லை. அதிலிருந்து எடுத்த காயைத் தண்ணீர் தொடாமல் கையால் உரித்து ஒரு மாதிரி, திரும்பி வந்த பருப்பிலிருந்து ஒரு மாதிரி, இரண்டையும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். காய் மூட்டை சுத்தமாக வந்தால் குற்றம் தண்ணீரில். இரண்டிலும் வந்தால் வயலிலேயே ஏறிவிட்டது. இந்த விடையைப் பொறுத்துத்தான் அடுத்த பட்டத்தில் நீங்கள் காசையும் உழைப்பையும் எங்கே போட வேண்டும் என்பது முடிவாகும்.

மாதிரி எடுப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஒரு மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனால் பரிசோதனைக் காசு வீண். எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுங்கள். சுவர் ஓரம் இருந்த மூட்டையை விட்டுவிடாதீர்கள். மொத்தமாகப் பருப்பு ஐந்து கிலோவாவது சேரட்டும். பார்வைக்கு நல்லதாகப் பொறுக்கி எடுக்கவும் கூடாது, சொத்தையைப் பொறுக்கிப் போடவும் கூடாது. ஐந்து கிலோவையும் முழுதாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து எடுத்துச் சோதிக்கும்படி ஆய்வகத்தில் கேளுங்கள். எங்கே கொடுப்பது என்பதைச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

இப்போது செக்குக் கேள்வி. எண்ணெய் எடுக்கும்போது நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயில் போகாது, புண்ணாக்கிலேயே தங்கும். ஆனால் எண்ணெயில் மிதக்கும் மண்டியோடு கொஞ்சம் வரும். ஆலைகளில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அதுவும் போய்விடும். மரச்செக்கில் அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. தெளியவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் குறையும், முழுதும் போகாது. ஆகவே இப்போதிருக்கிற நிலையில் அந்தப் பருப்பை வீட்டு எண்ணெய்க்கு ஆட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். வறுத்தால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். பூஞ்சை செத்துவிடும், நஞ்சு சாகாது. வறுப்பதில் ஓரளவு குறையும், அதை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது.

புண்ணாக்கில் சிக்கல் இன்னும் பெரிது. இந்த நஞ்சையே உலகம் கண்டுபிடித்தது நிலக்கடலைப் புண்ணாக்கால்தான். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தபோது, காரணம் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கு என்று தெரியவந்தது. மாடு அப்படி உடனே சாகாது, ஆனால் பாலில் கொண்டுவந்து விடும். கிலோவுக்கு 40 உள்ள பருப்பில் எண்ணெயை எடுத்துவிட்டால் மிஞ்சும் புண்ணாக்கில் அது சுமார் 70 ஆகச் செறியும். ஒரு மாட்டுக்கு நாளுக்கு இரண்டு கிலோ வைத்தால் 140 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேறு வடிவத்தில் பாலில் வந்தால், எட்டு லிட்டர் கறக்கும் மாட்டில் லிட்டருக்கு 0.35. பாலுக்கு வரம்பு 0.5. மாடு கூடுதலாகக் கறப்பதாக இருந்தால் வரும் பங்கும் கூடும். வரம்பின் விளிம்பில் இருக்கும் பாலைக் குழந்தைகள் குடிக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே கொஞ்சம் வைத்துவிட்டீர்கள் என்றால் பயப்படாதீர்கள். நிறுத்திய மூன்று நான்கு நாளில் பாலிலிருந்து போய்விடும்.

அப்படியானால் 560 கிலோ பருப்பையும் குப்பையில் கொட்டுவதா? இல்லை. நஞ்சு சில பருப்பில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுதான் இப்போது உங்களுக்கு வழி. முதலில் பருப்பை மெல்லியதாகப் பரப்பி, பல்லில் கடித்தால் வளையாமல் பட்டென்று உடையும் வரை காயவிடுங்கள். பிறகு சல்லடையில் சலித்து, சிறுத்ததையும் சுருங்கியதையும் ஒதுக்குங்கள். மிச்சத்தை வெளுத்த துணியில் பரப்பிப் பகல் வெளிச்சத்தில் பொறுக்க வேண்டும். தோலின் நிறம் மங்கியது, கறுத்தது, கரும்புள்ளி விழுந்தது, வண்டு துளைத்தது, உடைந்தது, தோல் உரிந்தது எல்லாம் வெளியே போகட்டும். தயங்கினால் எடுத்துவிடுங்கள், திரும்ப நல்லதில் போடாதீர்கள். பொறுக்குபவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளட்டும், அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது. இப்படிக் கறாராகப் பொறுக்கினால் பெரும்பகுதி நஞ்சு வெளியேறிவிடுவது வழக்கம். ஆனால் இடுக்கில் மட்டும் கெட்டு, வெளியே நல்ல தோலோடு இருக்கும் பருப்பைக் கை கண்டுபிடிக்காது. அதனால் மறுபடி சோதிக்காமல் விற்கக் கூடாது.

பொறுக்கிய கழிவுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நஞ்சில் பெரும்பகுதி அந்த ஓரிரு மூட்டைக்குள் வந்து சேர்ந்திருக்கும். நம் ஊரில் அதைத்தான் "எண்ணெய்க்குப் போகட்டும்" என்று செக்குக்கும், கோழிக்கும் அனுப்புகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கடலை போடாத மூலையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். குப்பைக்குழியில் போட்டுத் திரும்பக் கடலைக் காட்டுக்கே எருவாகக் கொண்டுபோகவும் வேண்டாம்.

அடுத்த மார்கழிப் பட்டத்துக்கு முக்கியமாகத் தண்ணீரைச் சொல்வேன். விதைத்த 70, 75ஆம் நாளில் கிணற்றை எட்டிப் பார்த்து ஒரு முடிவு எடுங்கள். கடைசி மாதம் முழுவதும் ஒன்றரை ஏக்கருக்கும் தண்ணீர் வராது என்று தெரிந்தால், எல்லா இடத்துக்கும் அரைகுறையாகக் கொடுப்பதைவிட ஒரு பாதிக்கு முழுதாகக் கொடுங்கள். தண்ணீர் போகாத பாதியை, ஓட்டின் உட்புறம் கறுக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் முந்தியே பிடுங்கிவிடுங்கள். எடை கொஞ்சம் குறையும். அந்தக் காயைத் தனியாகக் காயவைத்து, தனி மூட்டையில் அடையாளம் போட்டு வையுங்கள். மேட்டுப்பாங்கான, கரையான் ஏறிய துண்டுக் காட்டையும் இப்படியே பிரித்து வைத்தால் ஒரு மூட்டையால் முப்பது மூட்டையும் கெடுவது நிற்கும்.

பிடுங்குவதற்கு மழையை எதிர்பார்க்க வேண்டாம். கடைசியாக ஒரு தண்ணீரை அதற்கென்றே மிச்சம் வைத்து, மூன்று நாளுக்கு முன் மெல்லப் பாய்ச்சுங்கள். அதுவும் இல்லாவிட்டால் டிராக்டரில் பூட்டும் கடலை பிடுங்கும் கருவியை வாடகைக்குப் பிடிக்கலாம். களைக்கொத்தால் வெட்டுப்பட்ட காயை மட்டும் தனியாக எடுத்து, அன்றே பச்சையாக வேகவைத்துத் தின்றுவிடுங்கள், மூட்டையில் சேர்க்காதீர்கள்.

40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பதை விட்டிருந்தால் இனி விட வேண்டாம். சுண்ணாம்புச் சத்து கிடைத்த காயின் ஓடு உறுதியாக இருக்கும், வெடிப்பும் குறையும்.

காய வைப்பதில் நீங்கள் குறை வைக்கவில்லை என்று தெரிகிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிடுங்கிய கொடியை அம்பாரமாகக் குவிக்காமல், காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். சித்திரையில் மதியத்துக்கு மேல் சேர்வராயன் பக்கம் மேகம் கட்டினால் ஒரு மணி நேரத்தில் களத்தில் மழை இறங்கிவிடும், தார்ப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் காய்ந்த உப்போடு கொஞ்சம் பருப்பைப் போட்டுக் குலுக்கும் முறை உண்டு. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழ் என்றுதான் பொருள், 8க்கு வந்துவிட்டது என்று அல்ல. மூட்டை கட்டும் முன் ஈரமானி வைத்திருக்கும் வியாபாரியிடம் ஒரு முறை காட்டி, பருப்பில் 7, 8 சதவீதம் வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடைப்பதைப் பொறுத்தவரை, தண்ணீரை அடியோடு விட்டுவிடச் சொல்கிறேன். காயைப் பெரிது சிறிது என்று முதலில் சலித்துப் பிரித்து, அந்தந்த அளவுக்கேற்ற சல்லடையை மிஷினில் மாட்டச் சொன்னால் உலர்ந்த காயிலும் பிளவு குறையும். இருந்தாலும் தெளித்து உடைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிளக்கும். அந்தப் பிளந்த பருப்பை எண்ணெய்க்கு விற்கலாம், உலர்ந்து சுத்தமாக இருப்பதால் அதில் தவறில்லை. முழுப் பருப்பேதான் வேண்டும் என்று வாங்குபவர் பிடிவாதமாக இருந்தால், அவருக்கு வேண்டிய அளவு மட்டும் வண்டி வரும் நாளைக் கேட்டுக்கொண்டு தெளித்து உடையுங்கள். உடைத்த பருப்பைச் சாக்கில் அள்ளாமல் அன்றே நிழலில் பரப்பி, ஈரம் மறுபடி 8க்குக் கீழே இறங்கிய பிறகு கட்டுங்கள். மீதி காயாகவே இருக்கட்டும். கடலைக்கு அதன் ஓட்டைவிட நல்ல பை கிடையாது. மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்துக்கு முன் ஓட்டுக்கூரையில் ஒழுகும் இடத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

அந்த 10 மூட்டையின் முடிவு வரும்வரை அதிலிருந்து எடுத்து வறுக்கவோ, விதைக்குப் பிரிக்கவோ வேண்டாம். வீட்டில் இதுவரை தின்றதை நினைத்துக் கலங்காதீர்கள், இது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. வீட்டில் யாருக்காவது ஹெபடைடிஸ் பி மஞ்சள்காமாலை இருந்தால் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமான கடலையை அறவே கொடுக்காதீர்கள், அந்த இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பல மடங்கு. முடிவு வந்ததும் இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள், அதை வைத்து உங்கள் மார்கழி விதைப்புக்கு முன்பே பதில் எழுதுகிறேன்.